இருபது பேரில் ஒருத்தி

லண்டனிலிருந்து வந்த அந்தக் கடிதத்தில் நல்ல செய்திதான் இருந்தது. எங்கள் கட்டுரையைப் போடுகிறார்கள். பரிசோதித்த இரண்டு அறிஞர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இது சிறு கட்டுரை என்பதால் ரெஃபரன்ஸ் பட்டியலில் இருபதுக்கு மேல் இருக்கக் கூடாதாம். நாங்கள் முப்பத்து நான்கு போட்டிருந்தோம். எதை எடுப்பது என்று தெரியாமல் நாங்கள் தவிக்கப் போகிறோமே என்ற கரிசனத்தில் அதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார் பதிப்பாசிரியர். வெளிநாட்டு வாசகர் கைக்கு எளிதில் கிடைக்காத உள்ளூர் வெளியீடுகளை முதலில் நீக்கலாம் என்றார்.

அந்த வரியை நான் இரண்டாம் தடவையும் படித்தேன். உள்ளூர் வெளியீடு என்றால் அவள்தான்.

அப்போது நான் மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகிற சாலையில், செம்பனை எனும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. பூச்சிதான் என் பிழைப்பு. செம்பனை மட்டையில் சிறு பை கட்டிக்கொண்டு தொங்கும் ஒரு புழு உண்டு. மலாய்க்காரர்கள் அதை உலாட் புங்குஸ் என்பார்கள், நாங்கள் பைப்புழு என்போம். அது பெருகிவிட்டால் ஒரு காட்டையே காயவைத்துவிடும். உடனே தோட்டத்துக்காரர்கள் மருந்து அடிப்பார்கள். மருந்து புழுவைக் கொல்வதோடு, புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும் சின்னக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும். அடுத்த வருடம் புழு இன்னும் அதிகமாக வரும். எங்கள் கட்டுரை இதைப் பற்றியதுதான். சாலையோரக் களைகளை விட்டுவைத்தால் குளவி அந்தப் பூக்களில் தேன் குடித்துப் பிழைத்துக்கிடக்கும், புழுவும் அடங்கியிருக்கும் என்று எழுதியிருந்தோம்.

எந்தக் களைக்குக் குளவி அதிகம் வருகிறது என்று முதலில் பார்த்தவள் அவள், எங்கள் நிலையத்தில் என்னோடு வேலைக்கு இருந்தவள். நானில்லை, என்னோடு சேர்ந்து கட்டுரை எழுதிய எங்கள் நிலையத் தலைவரும் இல்லை. காலை ஏழு மணிக்கே தொப்பியை மாட்டிக்கொண்டு சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். கிள்ளினால் பால் வடியுமே, அந்தச் செடிக்கு முன்னால்தான் அதிக நேரம் உட்காருவாள். மருந்து அடிக்க வரும் பெண்கள், "என்னா தங்கச்சி, பூப் பறிக்கிறியா, யாருக்கு மாலை கட்டப்போற?" என்று கிண்டல் செய்வார்கள். இவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். ஆனால் அவர்கள் மருந்துக் குழாயைத் தூக்கினால் மட்டும் எழுந்து நின்று, அவர்களை வேலை வாங்கும் மண்டோரிடம் கெஞ்சுவாள், ரெண்டு சங்கிலி தூரம் விட்டுவைங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமா போவும் என்று. அவளுடைய அப்பாவும் கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக இருந்தவர்தான். அவர்களிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

என் அப்பா கிராணி, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் இருவருடைய அப்பாக்களும் ஒரே தோட்டத்தில் வேலை செய்திருந்தால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பேருமோ ஒரே குவார்ட்டர்ஸில் மூன்று வருடம் இருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை செகிஞ்சான் போய் மீன் வாங்கி வருவோம். நான் வண்டி ஓட்டுவேன், அவள் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு வயல் ஓரத்துக் களைகளை எல்லாம் பேர் சொல்லிக்கொண்டே வருவாள். வாயை மூடுடி, ரோட்டைப் பார்க்க விடுடி என்று நான் கத்துவேன். அந்த வயசில் இதெல்லாம் முடிந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அவள் பார்த்ததை எழுதினாள். தோட்டத் துறைக்காரர்கள் நடத்திய ஒரு செய்தி இதழில் வந்தது. ரெண்டே பக்கம், ஓர் அட்டவணை. வந்த நாளில் கோழி வாங்கிக் குழம்பு வைத்தோம். அது வந்து எட்டு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளையோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டாள். முதலில் இரண்டு கடிதம் வந்தது. வெயிலைப் பற்றி, சாமான் விலையைப் பற்றி. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் எழுதியதற்கும் பதில் இல்லை. எனக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கே நன்றாகத் தெரியும். குவார்ட்டர்ஸில் பழக்கதோஷத்தில் இரண்டாவது தட்டை எடுத்துவைக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும்.

எங்கள் ஊரில் அவளுடைய பெயர் அச்சில் இருந்தது அந்த ரெண்டு பக்கத்தில் மட்டும்தான். அதை எடுத்துச் சொல்லும் கட்டுரை என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது எங்கள் கட்டுரைதான். அதிலிருந்தும் எடுத்துவிட்டால் அவள் அந்தச் சாலையோரம் உட்காரவே இல்லை என்றாகிவிடும். இதைத்தான் நான் விடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தலைவர் தமிழர், வயசானவர், வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல மனிதர். ஆனால் தான் எழுதிய கட்டுரைகள் மீது அவருக்கு இருந்த பாசத்தைப் பெற்ற பிள்ளைகள் மீதுகூட வைத்திருப்பாரா என்று சந்தேகம். முப்பத்து நான்கில் அவருடையது மட்டும் ஐந்து.

ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும் நான் ஓர் அட்டை வைத்திருந்தேன். முப்பத்து நான்கு அட்டையையும் சோதனைக்கூட மேசைமேல் பரப்பிவைத்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். சீட்டாட்டம் மாதிரிதான். முதலில் சுலபமானவை போயின. ஒரே செய்திக்கு மூன்று பேரை வரிசையாகப் போட்டிருந்த இடங்களில், முதலில் சொன்னவரை வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் எடுத்தோம். பாடப்புத்தகங்கள் போயின. கணக்கு முறைக்கு ஒரு புத்தகத்தைக் காட்டியிருந்தோம், எல்லோருக்கும் தெரிந்த முறைக்கு எதற்கு என்று அதுவும் போயிற்று. எங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கை அச்சாகாதது, வெளியாருக்குக் கிடைக்காது, அதற்குப் பட்டியலில் இடமே கிடையாது. எப்படி முதலில் சேர்த்தோம் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்னுரையில் அலங்காரத்துக்காக வைத்திருந்த நாலைந்தும் போயின. ஒன்றை எடுக்கும்போதெல்லாம் கட்டுரைக்குள் அது வரும் வாக்கியத்தைப் புரட்டிப் பார்த்து, அது இல்லாமல் அந்த வாக்கியம் நிற்குமா என்று சோதிக்க வேண்டும். நிற்காவிட்டால் வாக்கியத்தையும் திருத்த வேண்டும். பட்டியலில் அடித்துவிட்டுக் கட்டுரைக்குள் விட்டுவிட்டால் மானம் போய்விடும்.

நடுவில் ஒரு வேடிக்கை. யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் எழுதிய கட்டுரை ஒன்று பட்டியலில் இருந்தது. இது அஸ்திவாரம், இதைத் தொடக்கூடாது என்றார் தலைவர். சார், நீங்க படிச்சிருக்கீங்களா என்று கேட்டேன். நீதானே சேர்த்தே என்றார். நான் அவருடைய பழைய கட்டுரையின் பட்டியலிலிருந்து எடுத்தேன். அவர் யாருடைய பட்டியலிலிருந்து எடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு பேரும் கண்ணால் பார்க்காத ஒன்றை அஸ்திவாரம் என்று இத்தனை நாள் சுமந்திருக்கிறோம். அட்டையை நானே எடுத்துக் கவிழ்த்துவைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தன்னுடைய ஐந்தில் மூன்றை விட்டுக்கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. இருபத்தொன்றுக்கு வந்து நின்றோம். அப்போதுதான் அவர் கை அவளுடைய அட்டை மேல் போயிற்று.

"இது லோக்கல் புல்லட்டின். அவங்களே எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்திருவோம்மா."

"அப்பறம் அந்த வாக்கியம் எப்படி சார் நிக்கும்?"

"இந்தக் களைக்கு குளவி அதிகம் வருவது காணப்பட்டுள்ளதுன்னு போட்டுட்டாப் போச்சு."

"யாரு பார்த்தா சார்? சும்மா காணப்பட்டுச்சா? அவ வேர்வை வடிய உக்காந்து பார்த்தா. லண்டன்ல கிடைக்கலன்னா இங்க நடக்கலன்னு ஆயிருமா?"

குரலை உயர்த்திவிட்டேன். டைப்பிங் செய்துகொண்டிருந்த மலாய் அக்காள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் அவளைத் தெரிந்தவர்தான். அவள் போனபோது இந்த நிலையத்துக்கு ஒரு கண் போய்விட்டது என்று சொன்னவர். கணக்கு கணக்குதான் என்றார். வேறு எந்த அட்டையை எடுப்பது, நீயே சொல் என்றார். நான் மேசையைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. சும்மா நின்றது ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவர் நேரில் சொன்னதை எடுத்துக்காட்டினால் அதற்குப் பெர்சனல் கம்யூனிகேஷன் என்று பேர். கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் அவர் பெயரைப் போட்டு, தனிப்பட்ட முறையில் சொன்னது என்று எழுதிவிடலாம். பட்டியலில் வராது, கணக்கிலும் சேராது. அவள் எழுதியதைவிட எனக்குச் சொன்னது நூறு மடங்கு. ராத்திரிச் சோற்றுக்கு நடுவில், மோட்டார் சைக்கிளில், துணி துவைக்கும்போது என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அப்படியே போட்டுவிடுவோம் சார் என்றேன். அவர் இதழின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். எழுத்தாளர்களுக்கான விதிகளில் இருந்தது, அப்படிப் போட்டால் சொன்னவரிடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்கி அனுப்ப வேண்டும்.

"எழுதிக் கேட்டுக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

உண்மையைச் சொன்னால், விதி இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனிமேல் அவள் பதில் போட்டுத்தான் ஆக வேண்டும். என் கடிதங்களுக்குப் பதில் போடாதவள் லண்டன் பத்திரிகைக்காவது போடுவாள் அல்லவா. அவளுடைய அட்டையை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். இருபது அட்டைகள் மேசையில் கிடந்தன. நான் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். சம்மதத் தாள் ஒரு பக்கம், அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதோடு என்னுடைய கடிதம் பதினோரு பக்கம். மீன்காரர் விசாரித்ததை எழுதினேன். நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது யாரும் மருந்து அடிப்பதில்லை என்று எழுதினேன். நான் வேறு ஆளோடு குவார்ட்டர்ஸைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று எழுதினேன். எத்தனை நாளைக்குடி இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பாய் என்றும் எழுதினேன்.

திருத்திய கட்டுரையை அனுப்ப அந்த மாதக் கடைசிவரை அவகாசம் இருந்தது. தபால் வண்டி வரும் நேரத்துக்கு எனக்கு வேலையே ஓடாது. தலைவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்பார். வந்துரும் சார் என்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது சிரிப்பாக இல்லை. மருந்து அடிக்கும் பெண்கள் சாலையோரம் போவதைப் பார்த்தால்கூட அவள் எழுந்து நின்று கையை ஆட்டுகிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது வாரம் வந்தது. நீலத்தாள், வானஞ்சல், ஒரே மடிப்பு. சம்மதத் தாள் உள்ளே இல்லை. பதினோரு பக்கத்துக்கு அவள் எழுதியிருந்தது அரைப் பக்கம்.

"கையெழுத்துப் போட மாட்டேன், கோவிச்சுக்காதே. அது நான் உன்கிட்ட பேசுனது இல்லடி, எழுதுனது. அட்டவணையை நாலு தடவை திருத்துனேன், நீதான் பக்கத்துல இருந்தே. இங்க என்னை இன்னார் பொண்டாட்டின்னு தெரியும், இன்னார் அம்மான்னு தெரியும். வேலைக்கு எழுதிப் போட்டா, இதுக்கு முன்னாடி என்ன செஞ்சேன்னு கேக்குறாங்க. காட்டறதுக்கு என்கிட்ட அந்த ரெண்டு பக்கம்தான் இருக்கு. பட்டியல்ல இடமிருந்தா என்னைப் பட்டியல்ல போடு. இல்லாட்டி எடுத்துரு. அடைப்புக்குறிக்குள்ள மட்டும் போட்டுராதே."

அவ்வளவுதான். மீன்காரரைப் பற்றி ஒன்றும் இல்லை. என்னைப் பற்றியும் ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்திருக்கிறது என்பதே அந்த 'அம்மா' என்ற சொல்லில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மறுபடி படித்தேன். நான் அவளைத் திரும்ப என் அடுப்பங்கரைக்குக் கூட்டிவரப் பார்த்தேன். அவள் கேட்டதோ அந்தப் பட்டியலில் ஒரு வரி. வேலை தேடுகிறாள். யாராவது, உங்களுடைய எழுத்தை யாராவது எடுத்துக்காட்டியிருக்கிறார்களா என்று கேட்டால், இதோ என்று காட்ட அவளுக்கு ஒரு வரி வேண்டும்.

மறுநாள் காலை அட்டைகளை மறுபடியும் பரப்பினேன். அவளுடையதைப் பையிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். பட்டியல் ஆங்கில அகர வரிசை. அவள் பெயரும் என் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். என்னுடைய பழைய கட்டுரை ஒன்று பட்டியலில் இருந்தது, மட்டையில் புழுக்களை எப்படி எண்ணுவது என்று. முப்பத்து நான்கு பேர் இருந்தபோதே அவளுக்கு அடுத்தது நான்தான், நடுவில் யாரும் கிடையாது. முதல் தடவை டைப் செய்து பார்த்த அன்று, அடியே இங்கேயும் பக்கத்துப் பக்கத்தில்தானா என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்படியே அச்சில் வந்தால் அவளுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்.

இப்போது இருபத்தொன்று. தலைவர் தன்னுடைய இரண்டு அட்டைகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பரவாயில்லை, ஒன்றை எடுத்துக்கொள் என்றார். அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் எடுக்க முடியாது. ஒன்று மருந்துக்குப் பின் புழு பெருகிய கணக்கு, இன்னொன்று குளவியை அடையாளம் கண்டது. இரண்டும் இல்லாவிட்டால் கட்டுரை படுத்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் என்னுடையது. எண்ணிய விதத்தைக் கட்டுரைக்குள்ளேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் அது தேவையில்லை.

"ஒன்னோட சொந்த பேப்பரையா எடுக்கப்போற?" என்றார்.

"ஆமா சார். அத ரெண்டு வரியில சொல்லிரலாம். அவ பார்த்தத நான் சொல்ல முடியாது."

அட்டையை நான் கவிழ்த்தேன். இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். டைப்பிங் அக்காள் பட்டியலை மறுபடியும் அடித்துக்கொடுத்தார். கடைசிச் சரிபார்ப்பை நாங்கள் எப்போதும் சத்தமாகத்தான் செய்வோம். அவர் கட்டுரையைப் படித்துக்கொண்டே வருவார், பெயர் வரும் இடத்தில் நிறுத்துவார், நான் பட்டியலில் தேடி டிக் போடுவேன். அவள் பெயர் வந்தது. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவதுபோல் முழுசாக, அப்பா பேர் எழுத்தோடு வாசித்தார். நான் டிக் போட்டேன். அதற்கு அடுத்த வரியில் வேறு எழுத்தில் தொடங்கும் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார், பார்த்ததும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருடம் அச்சாகி வந்தது. பதிப்பாசிரியர் உள்ளூர் வெளியீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, கணக்கு சரியாக இருந்தால் போதும்போல. எங்கள் கட்டுரையை மட்டும் தனியாக அச்சடித்து ஐம்பது பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். முதல் பிரதியை பெர்த்துக்கு அனுப்பினேன். கூடவே கடிதம் எதுவும் வைக்கவில்லை, அவளுடைய வரிக்கு அருகே பென்சிலால் ஒரு டிக் மட்டும் போட்டிருந்தேன். அவளுக்கு வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. இந்தத் தடவை நான் கோபப்படவும் இல்லை.

இன்னும் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே என் பெயர். கடைசிப் பக்கத்தில் அவள் பெயர். பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள், நடுவில் நாலு பக்கம். கட்டுரையை மடித்து மூடும்போது மட்டும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் என் விரல்களுக்கு நடுவில் வருகின்றன. அதற்காகவே அதை மூடியபடி கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.